டாலரில் 19 சதவீதம், ரூபாயில் 10

2022-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 19.4 சதவீதம் சரிந்தது. அதில் பணம் போட்டிருந்த இந்தியருக்கோ நஷ்டம் 10 சதவீதத்தை ஒட்டித்தான். காரணம், அதே ஆண்டில் டாலர் சுமார் 74.30 ரூபாயிலிருந்து 82.70 ரூபாய்க்கு ஏறியது.

ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் 74,300 ரூபாய் கொடுத்து ஆயிரம் டாலர் வாங்கி முதலீடு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் மிஞ்சியது 806 டாலர். அதை 82.70-ஆல் பெருக்கினால் 66,656 ரூபாய். நஷ்டம் 10.3 சதவீதம்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பங்கில் 19.4 போனது, டாலரில் 11.3 வந்தது, ஆக நஷ்டம் 8.1 என்று கழித்துவிடுகிறார்கள். ஆனால் டாலர் ஏறிய லாபம் கையில் மிஞ்சிய 806 டாலருக்கு மட்டும்தான் கிடைக்கும். கரைந்துபோன 194 டாலருக்குக் கிடைக்காது. அதனால் இரண்டு விகிதங்களையும் பெருக்க வேண்டும்: 0.806 × 1.113 = 0.897.

நாணயம் எப்போதும் கைகொடுக்காது. 2017-இல் அதே குறியீடு 19.4 சதவீதம் உயர்ந்தது. டாலரோ ஏறத்தாழ 68 ரூபாயிலிருந்து 64-க்கு இறங்கியது. ரூபாயில் நின்றது 12 சதவீத லாபம்தான்.

நாளிதழில் வரும் மாற்று விகிதத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. டாலர் வாங்கும்போது வங்கி கூடுதலாக வாங்குகிறது, விற்கும்போது குறைத்துக் கொடுக்கிறது. இரண்டு ரசீதுகளிலும் உள்ள விகிதங்களே சரியான எண்கள்.