மேல்முறையீடும் மேற்பார்வையும்: உயர் நீதிமன்றத்தின் இரு அதிகாரங்கள்

மேல்முறையீடு, மேற்பார்வை என்னும் இரு சொற்களும் ‘மேல்’ என்னும் ஒரே அடியில் தொடங்குகின்றன. எனினும் அவை குறிக்கும் மேன்மை ஒன்றன்று. முறையிடுதல் என்பது குறையுற்றவன் செய்யும் செயல். திருக்குறளில் ‘முறை’ என்பது அரசன் வழங்கும் நீதியைக் குறிப்பதை மாணவர் அறிவர். ஒரு மன்றத்தில் கிடைத்த முறை போதாதென்று அதற்கு மேலுள்ள மன்றத்தை நாடுவதே மேல்முறையீடு. மேற்பார்வையோ மேலிருப்பவர் செய்யும் செயல். குறையுற்றவன் வந்து கேட்டாலும் கேளாவிட்டாலும், கீழே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சட்டம் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கும் காரணத்தை மலேசிய உயர் நீதிமன்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

மேல்முறையீட்டில் நீதிபதி கேட்கும் வினா, ‘இத்தீர்ப்பு சரியா?’ என்பது. சாட்சியப் பதிவேட்டை முழுவதும் படித்து, சட்டத்தையும் உண்மைகளையும் மீண்டும் எடைபோட்டு, தவறெனக் கண்டால் தம் தீர்ப்பைக் கீழ்மன்றத் தீர்ப்பின் இடத்தில் வைக்கலாம். சாட்சியை நேரில் கண்டவர் கீழ்மன்ற நீதிபதியே ஆதலால், எவர் சொல் நம்பத்தக்கது என்னும் முடிவை மட்டும் அவர் எளிதில் மாற்றமாட்டார். மேற்பார்வையில் கேட்கும் வினா வேறு: ‘இதைத் தீர்க்கும் அதிகாரம் அம்மன்றத்திற்கு இருந்ததா? இருந்த அதிகாரத்தை உரிய முறையில் செலுத்தியதா?’ முடிவு சரியாகவே இருந்தாலும் முறை பிழைத்திருந்தால் அது நிற்காது. முறை பிழையாதிருந்தால், ‘நாமாயின் வேறு விதமாகத் தீர்த்திருப்போம்’ என்று நீதிபதி எண்ணினாலும் அது நிற்கும்.

மேல்முறையீடு ஒரு சட்டம் கொடுத்தால்தான் உண்டு. கொடாத இடத்தில் அது இல்லை. மேற்பார்வை உயர் நீதிமன்றத்தின் தன்மையிலேயே உள்ளது. 1964ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதனை எழுத்தில் வைத்தது. கீழ் நீதிமன்றங்கள் அனைத்தின்மீதும் உயர் நீதிமன்றத்திற்குப் பொதுவான மேற்பார்வை, சீராய்வு அதிகாரம் உண்டு. வழக்கின் எந்தக் கட்டத்திலும், தானாகவோ ஒருவர் வேண்டுகோளின் பேரிலோ, பதிவேட்டை வரவழைக்கலாம் என்பது அதன் சாரம். ‘தானாகவோ’ என்ற சொல் இங்கே கவனிக்கத்தக்கது. மேல்முறையீடு தானாக நிகழாது.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து ஒரு நிலையைக் கற்பனை செய்வோம். மலாய் மொழி சரிவர அறியாத ஒருவர்மீது திருட்டுக் குற்றச்சாட்டு. உரைபெயர்ப்பாளர் ஒரே வாக்கியத்தில் சுருக்கிச் சொல்ல, ‘எடுத்தேன்’ என்கிறார் அவர். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகித் தண்டனையும் விதிக்கப்படுகிறது. பொருள் தமதென்று நம்பியே எடுத்ததாக அவர் பின்னர்ச் சொல்கிறார். ‘எடுத்தேன்’ என்பதற்கும் ‘திருடினேன்’ என்பதற்கும் உள்ள தொலைவை மொழியாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் மேல்முறையீட்டுக் கதவு இவருக்குப் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆம் பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பொருத்தத்தையும் குறித்தே மேல்முறையீடு செய்யலாம். குற்றவாளி என்ற முடிவையே எதிர்க்க முடியாது.

இங்கேதான் சீராய்வு வருகிறது. 323ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நீதிபதி பதிவேட்டை வரவழைத்து, முடிவின் சரித்தன்மையையும், சட்டப்பொருத்தத்தையும், தகவையும், நடவடிக்கையின் ஒழுங்கையும் பார்க்கலாம். ஒப்புதலைப் பதியும் முன், அதன் தன்மையையும் விளைவையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் உணர்ந்தாரா, நிபந்தனையின்றி ஒப்புக்கொள்கிறாரா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொள்ள வேண்டுமென்பது 173ஆம் பிரிவின் கட்டளை. அவ்வாறு செய்ததற்கான குறிப்பு பதிவேட்டில் இல்லையென்றால் பழுது அங்கேயே தெரிந்துவிடும். தீர்ப்பை நீக்கிப் புதிய விசாரணைக்கு ஆணையிடலாம். அவர் திருடினாரா இல்லையா என்பதை இந்நீதிபதி தீர்க்கவில்லை. அதைத் தீர்க்கும் முறை நடைபெறவே இல்லை என்பதை மட்டும் கண்டார். இவ்வதிகாரத்திற்கும் எல்லை உண்டு. விடுதலைத் தீர்ப்பைச் சீராய்வின் வழியே குற்றத்தீர்ப்பாக மாற்றச் சட்டம் இடந்தரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கேளாமல் அவருக்குப் பாதகமான ஆணையும் பிறப்பிக்கலாகாது.

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் நீதிமன்ற வரிசையில் உள்ள ஒன்று. அவ்வரிசைக்கு வெளியே, தனிச்சட்டங்களால் அமைந்த தீர்ப்பாயங்கள் பல. அவற்றுள் நம் மக்களுக்கு மிக நெருக்கமானது 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொழில் நீதிமன்றம். பெயரில் நீதிமன்றம் எனினும் இயல்பில் அது தீர்ப்பாயமே. தகுந்த காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 60 நாள்களுக்குள் முறையிட, சமரசம் எட்டப்படாவிடில் வழக்கு இங்கே வந்து சேரும். இதன் தீர்ப்பு இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்கவோ, மேல்முறையீடு செய்யவோ, ரத்துச் செய்யவோ கூடாது என்று அச்சட்டம் நெடுங்காலம் சொல்லிவந்தது. வேலையிழந்தவர் விரைவாக விடை பெறவேண்டும் என்பதே நோக்கம்.

மேல்முறையீடு இல்லாததால் எஞ்சியது நீதித்துறைச் சீராய்வு ஒன்றே. அதற்குரிய ஆணைகளுள் தலையாயது சர்ஷியோராரி என்னும் லத்தீன் பெயருடையது. ‘உறுதியாக அறிவிக்கப்படுதல்’ என்பது அச்சொல்லின் பொருள். கீழே நடந்ததை அறியப் பதிவேட்டை மேலே அனுப்பு என்று தொடங்கிய ஆணை, பின்னர் ரத்துச் செய்யும் ஆணையாயிற்று. மேற்பார்வையின் வரலாறு முழுவதும் அப்பெயருக்குள் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

‘ரத்துச் செய்யக் கூடாது’ என்ற சட்டச்சொல் இவ்வாணையையும் தடுக்குமா? செளத் ஈஸ்ட் ஏஷியா ஃபயர் பிரிக்ஸ் நிறுவனத்தின் வழக்கில் இவ்வினா எழுந்தது. தொழில் நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. கூட்டரசு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 1980இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூட்டரசு நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. அதிகார எல்லையைத் தாண்டாத வெறும் சட்டப்பிழை பதிவேட்டில் வெளிப்படையாகத் தெரிந்தாலும் உயர் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்பது தீர்ப்பு. அதாவது எல்லைக்குள் நின்று தவறு செய்யத் தீர்ப்பாயத்திற்கு உரிமை இருந்தது.

எல்லைக்குள் செய்த தவறு எது, எல்லை தாண்டிய தவறு எது என்று பிரிப்பது எளிதன்று. 1995இல் கிளந்தான் பேருந்து நிறுவனம் ஒன்றின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பிரிப்பையே கைவிட்டது. தவறான வினாவைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது, பொருந்தாதவற்றைக் கருதுவது, கருத வேண்டியவற்றை விடுவது, சட்டத்தைப் பிழைபடப் பொருள்கொள்வது ஆகிய எதுவாயினும் அது சீராய்வுக்கு உரியதென்றது. அடுத்த ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் இன்னும் ஓரடி வைத்தது. வேலைநீக்க வழக்கொன்றில் மூவரில் இருவர், முறையை மட்டுமின்றி முடிவின் உள்ளடக்கத்தையும் பார்க்கலாம் என்றனர். வழக்கைத் திருப்பி அனுப்பினால் மீண்டும் ஆண்டுகள் ஓடும் என்பதால் இழப்பீட்டையும் தாமே வழங்கினர். மூன்றாமவர் உடன்படவில்லை. அவர் மறுப்பில் பொருளுண்டு: உள்ளடக்கத்தைப் பார்த்து விடையையும் தாமே தருவது மேற்பார்வையா, வேறு பெயரில் மேல்முறையீடா?

ஓர் எடுத்துக்காட்டால் வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். மாதம் 3,000 ரிங்கிட் ஊதியத்தில் எட்டாண்டு பணியாற்றிய பண்டகக் காப்பாளர் ஒருவர், பொருள் கடத்தியதாக வேலைநீக்கம் செய்யப்படுகிறார் எனக் கொள்வோம். அவர் வென்றால் பின்னூதியம் அதிகபட்சம் 24 மாதங்களுக்கு, அதாவது 72,000 ரிங்கிட். மீண்டும் வேலைக்கு அமர்த்துவதற்கு ஈடாக, வழக்கப்படி ஆண்டுக்கொரு மாத ஊதியம், 24,000 ரிங்கிட். இடையே வேறு வேலையில் ஈட்டியதற்காக ஒரு பகுதி கழியலாம். ஆனால் காவலாளியின் சொல்லை நம்பித் தொழில் நீதிமன்றம் இவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

தீர்ப்பாயத் தலைவர் காவலாளியைக் குறுக்கு விசாரணை செய்ய இவரை விடவில்லை என்றால், சீராய்வே கூரிய கருவி. இருதரப்பையும் கேட்கும் கடமை மீறப்பட்டது, தீர்ப்பு விழும். ஆனால் பெரும்பாலும் 96,000 ரிங்கிட் அன்றே கைக்கு வராது. வழக்கு வேறு தலைவர்முன் முதலிலிருந்து தொடங்கும். மாறாக, விசாரணை குறைவின்றி நடந்து, கிடங்கின் வருகைப் பதிவேடு காவலாளியின் சொல்லோடு முரண்படுவதற்குத் தலைவர் உரிய மதிப்பளிக்கவில்லை என்பதே குறையென்றால் நிலை வேறு. சான்று இருந்தது, அதைக் கருதினார், குறைவாக எடைபோட்டார். பழைய நோக்கில் சீராய்வு இதைத் தொடாது. மேல்முறையீட்டு நீதிபதியோ அப்பதிவேட்டைத் தாமே படித்து வேறு முடிவுக்கு வந்து, தொகையையும் தாமே வழங்கலாம். சீராய்வு மனுக்கள் பல தோற்பது இங்கேதான். வழக்குரைஞர் எடைபோட்டதில் உள்ள குறையை முறைப்பிழைபோல் எழுதுவார். மனுவின் பத்திகள் ஒவ்வொன்றும் ‘சாட்சியத்தின்படி’ என்று தொடங்கினால், அது மேல்முறையீட்டு ஆடையணியாத மேல்முறையீடு என்று நீதிபதி கண்டுகொள்வார்.

2021 ஜனவரி 1 முதல் இந்நிலை மாறியது. திருத்தச் சட்டம் சேர்த்த 33C பிரிவு, தொழில் நீதிமன்றத் தீர்ப்பால் மனநிறைவு பெறாதவர் உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்ய வழிவகுத்தது. செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து வரும் மேல்முறையீட்டில் உள்ள அதே அதிகாரம் அங்கும் உயர் நீதிமன்றத்திற்கு உண்டு. நம் பண்டகக் காப்பாளரின் இரண்டாம் குறைக்கு இப்போது நேரான வழி இருக்கிறது. அவ்வழி முதலாளிக்கும் திறந்ததே. தொழிலாளி வென்ற தீர்ப்பையும் உண்மைகளின் அடிப்படையில் மீண்டும் கிளறலாம். விரைவான முடிவு என்ற பழைய நோக்கம் இதனால் தளர்ந்தது என்போரின் கவலையை நாம் தள்ளிவிடவில்லை. எனினும், மேல்முறையீட்டின் வேலையை மேற்பார்வையின் பெயரால் செய்துவந்ததைவிட இது நேர்மையானது.

கால எல்லைகளும் ஒன்றல்ல. சீராய்வுக்கு முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணைப்படி, முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதத்திற்குள், அதுவும் தாமதமின்றி, அவ்வனுமதியைக் கோர வேண்டும். 33C பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு அனுமதி வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாள்களே உண்டு.