ஒரு கோப்பு, நான்கு இணைப்புகள்

வீட்டில் 100 Mbps இணையம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 8 ஜிபி அளவுள்ள பழைய ஆவணப்படம் ஒன்றை இறக்கத் தொடங்குகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது பிரவுசர். சந்தேகத்தில் வேகத்தைச் சோதித்தால், லைன் முழு வேகத்தில்தான் இருக்கிறது. பிறகு ஏன் இந்தத் தாமதம்?

பெரும்பாலும் தூரம்தான் காரணம். சர்வர் கொஞ்சம் தரவை அனுப்பும். அது வந்து சேர்ந்ததாக நம் கணினியிடமிருந்து தகவல் போனால்தான் மேற்கொண்டு அனுப்பும். பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பக் கால் நொடி ஆகிறது, வரம்பு அரை மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நான்கு சுற்று, ஆக 2 மெகாபைட்தான் வரும். நம் லைனோ 12.5 மெகாபைட் தாங்கும், ஏனென்றால் 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் அதுதான் கணக்கு. வழியில் சில பொட்டலங்கள் தொலைந்தால் அந்த ஒற்றை இணைப்பு இன்னும் தயங்கும்.

இதற்கான வழி 1997இல் வெளியான HTTP/1.1 விதிகளிலேயே இருக்கிறது. கோப்பு முழுவதையும் கேட்காமல், இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை மட்டும் கொடு என்று சர்வரிடம் கேட்கலாம். 800 கோடி பைட் கொண்ட கோப்பை நான்காகப் பிரித்தால், முதல் இணைப்பு கேட்பது இது:

```
Range: bytes=0-1999999999
```

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது, கடைசி எண்ணும் சேர்த்தி. எனவே இரண்டாவது இணைப்பு 2000000000இல் ஆரம்பிக்கும். நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் நொடிக்கு 8 மெகாபைட். 67 நிமிட வேலை 17 நிமிடத்தில் முடியும். எட்டு இணைப்பு வைத்தால் 16 மெகாபைட் வராது. லைனின் எல்லையான 12.5இல் நின்றுவிடும், நேரம் 11 நிமிடத்துக்குக் கீழே வரும். அதற்கு மேல் இணைப்புகளைக் கூட்டுவதில் பயனே இல்லை. ஒற்றை இணைப்பே லைனை நிரப்பிவிடும் அளவுக்கு சர்வர் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

சர்வர் இதற்குச் சம்மதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்:

```
curl -L -r 0-99 -D - -o test.bin "கோப்பின் முகவரி"
```

கடைசியாக வரும் பதிலில் 206 என்ற எண்ணும், `Content-Range: bytes 0-99/8000000000` போன்ற வரியும் இருந்தால் சரி. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது மொத்த அளவு. 206க்குப் பதில் 200 வந்தால் சர்வர் நம் கோரிக்கையைக் கண்டுகொள்ளவில்லை, முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். Ctrl+C அழுத்தி நிறுத்திவிடுங்கள். அங்கே இந்த முறை பலிக்காது.

பிரிப்பதையும் சேர்ப்பதையும் aria2 என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்:

```
aria2c -x 4 -s 4 "கோப்பின் முகவரி"
```

`-s` என்பது எத்தனை துண்டு, `-x` என்பது ஒரு சர்வருக்கு அதிகபட்சம் எத்தனை இணைப்பு. `-x` கொடுக்க மறந்தால் அது ஒன்றாகவே இருக்கும். வேகம் கூடவில்லை என்று பலர் குழம்புவது இங்கேதான். பாதியில் மின்சாரம் போனால் அதே கட்டளையை அதே ஃபோல்டரில் மீண்டும் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். கோப்பின் அளவைப் பார்த்து மட்டும் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். தொடக்கத்திலேயே முழு அளவுக்கும் இடம் ஒதுக்கப்படுவதால், நடுவில் ஓட்டைகள் இருக்கும்போதே 8 ஜிபி என்று காட்டும். பக்கத்தில் `.aria2` என்று முடியும் சிறு கோப்பு இருக்கும்வரை வேலை பாக்கி இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இறக்கும் நேரத்தில் சர்வரில் கோப்பை மாற்றிவிட்டால், துண்டுகள் இரண்டு வெவ்வேறு பதிப்புகளிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். படம் நன்றாக ஓடி நடுவில் சிதறுவது அதன் அடையாளம். இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒவ்வொரு கோப்புக்கும் SHA1 எண்ணை வெளியிடுகிறது. விண்டோஸில் `certutil -hashfile film.mp4 SHA1` என்று கொடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை நம்ப வேண்டாம்.

பதினாறு வரை aria2 அனுமதிக்கிறது என்பதற்காகப் பதினாறு வைக்காதீர்கள். நாம் திறக்கும் ஒவ்வொரு இணைப்பும் அந்த சர்வரில் வேறொருவருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. 429 அல்லது 503 என்று பதில் வந்தால் சர்வர் போதும் என்கிறது. இணைப்புகளைக் குறைத்து, சற்றுப் பொறுத்துத் தொடருங்கள். நன்கொடையில் நடக்கும் தளங்களில் நான்கைத் தாண்டாதீர்கள்.