ஒரே விலை, முதலில் யாருக்கு?

2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கடும் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மறுநாள் காலை பேடிஎம்மின் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் பங்கை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே நினைப்புதான்: விற்றுவிட வேண்டும். முந்தைய நாள் சுமார் 761 ரூபாயில் முடிந்த பங்கு, ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட 20 சதவீத எல்லையைத் தொட்டு 609 ரூபாயில் நின்றுவிட்டது. பிப்ரவரி 2 அன்று இன்னொரு 20 சதவீதம் சரிந்து சுமார் 487. பிறகு எக்ஸ்சேஞ்சுகள் எல்லையை 10 சதவீதமாகக் குறைத்தன. பிப்ரவரி 5 அன்று அதுவும் தீர்ந்து பங்கு 438 ரூபாய்க்கு வந்தது.

சந்தைக்காரர்கள் இதை லோயர் சர்க்யூட் என்பார்கள். அந்த நிலையில் விற்க வருபவர்கள் எல்லோரும் ஒரே விலையில்தான் நிற்க முடியும். வாங்க வருபவர்களோ சிலர்தான். ‘நான் இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறேன், என்னுடையதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவும் வழியில்லை. எல்லைக்குக் கீழே போடும் ஆர்டரை எக்ஸ்சேஞ்சின் கணினி ஏற்காது. அப்படியானால் 609 ரூபாயில் விற்று வெளியேறியவர் யார், மாட்டிக்கொண்டு 438 வரை வேடிக்கை பார்த்தவர் யார் என்பதை எது முடிவு செய்தது? ஆர்டர் கணினிக்குள் நுழைந்த நேரம். வேறெதுவும் இல்லை.

மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தை 1994 நவம்பரில் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியபோதே கூச்சலும் கைச்சாடையும் நிறைந்த பழைய களத்தை விட்டுவிட்டு, திரை வழி வர்த்தகத்தோடுதான் தொடங்கியது. வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்துவைக்கும் மென்பொருளுக்கு மேட்சிங் என்ஜின் என்று பெயர். அது பின்பற்றும் விதி விலை–நேர முன்னுரிமை. அதிக விலை தர முன்வரும் வாங்குபவருக்கு முதல் இடம். குறைந்த விலைக்குத் தர முன்வரும் விற்பவருக்கு முதல் இடம். விலை ஒன்றாக இருந்தால், முதலில் வந்தவர் முதலில். ஆர்டர் போட்டவர் பெரிய மியூச்சுவல் ஃபண்டா, பத்துப் பங்கு வாங்கும் கல்லூரி மாணவரா என்பதை என்ஜின் பார்ப்பதில்லை.

‘இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன்’ அல்லது ‘இந்த விலைக்குக் கீழ் விற்க மாட்டேன்’ என்று எல்லை கட்டிப் போடுவது லிமிட் ஆர்டர். உடனே ஜோடி கிடைக்காவிட்டால் அது ஆர்டர் புக்கில் காத்திருக்கும். ஒவ்வொரு விலைக்கும் அங்கே தனி வரிசை உண்டு.

ஒரு பங்கில் 600 ரூபாய்க்கு வாங்க மூன்று பேர் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வந்தவருக்கு 500 பங்கு வேண்டும், இரண்டாமவருக்கு 2,000, மூன்றாமவருக்கு 300. இப்போது ஒருவர் 2,600 பங்குகளை 599.50 ரூபாய் கிடைத்தால்கூடப் போதும் என்று விற்க வருகிறார். என்ஜின் முதலாமவருக்கு 500, இரண்டாமவருக்கு 2,000, மூன்றாமவருக்கு 100 என்று பிரித்துக் கொடுத்துவிடும். எல்லாம் 600 ரூபாய்க்கே முடியும். காத்திருந்த ஆர்டரின் விலைதான் செல்லும், பிறகு வந்தவரின் விலை அல்ல. மூன்றாமவரின் மீதி 200 பங்கு இப்போது வரிசையின் தலையில் நிற்கிறது. ஆனால் அடுத்த நொடியே யாராவது 600.05 என்று ஆர்டர் போட்டால் அவர் எல்லோரையும் தாண்டி முன்னால் போய்விடுவார். ஐந்து பைசா அதிகம் கொடுத்ததற்கு அந்த மரியாதை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று, கணக்கில் வரும் நேரம் எது என்பது. கைபேசியில் பொத்தானை அழுத்திய நேரம் அல்ல. புரோக்கரின் சோதனைகளைக் கடந்து ஆர்டர் எக்ஸ்சேஞ்சை அடைந்த நேரம். இரவில் போட்டுவைக்கும் ஆர்டர்களைப் புரோக்கர் தன்னிடமே வைத்திருந்து காலையில்தான் அனுப்புகிறார். மாதக்கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டரும் அப்படித்தான். குறித்த விலை வரும்வரை அது புரோக்கரின் கணினியில் ஒரு குறிப்பு மட்டுமே. விலை வந்த பிறகே ஆர்டராக எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. அப்போது அந்த வரிசையின் கடைசி ஆள் அதுதான். மூன்று மாதம் முன்பே போட்டுவைத்தேன் என்று சொல்லிப் பயனில்லை. சாதாரண நாள் ஆர்டரும் மாலை 3.30 மணிக்குக் காலாவதியாகிவிடுகிறது. பேடிஎம் பங்கை முதல் நாள் விற்க முடியாதவர்களுக்கு மறுநாள் எந்தச் சலுகையும் கிடையாது. காலை 9 மணிக்குப் புதிய வரிசை.

நிறைய பேர் தங்கள் இடத்தைத் தாங்களே தொலைத்துக்கொள்வதும் உண்டு. காத்திருக்கும் ஆர்டரில் பங்கு எண்ணிக்கையைக் குறைத்தால் இடம் போகாது. எண்ணிக்கையைக் கூட்டினால் போய்விடும். விலையை மாற்றினாலும் போய்விடும். 600 ரூபாயை 600.05 ஆக்கி, மனம் மாறி மறுபடி 600க்கே கொண்டுவந்தால் பழைய இடம் காத்திருக்காது. ரேஷன் கடை வரிசையில் செருப்பையோ பையையோ போட்டுவிட்டுப் போனால் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். இங்கே அதெல்லாம் நடக்காது. இன்னும் 100 பங்கு சேர்த்து வாங்க வேண்டும் என்றால், இருக்கும் ஆர்டரைத் தொடாமல் 100க்குத் தனியாக இன்னொரு ஆர்டர் போடுவதே புத்திசாலித்தனம்.

தன் இடம் எது என்று திரையில் தெரியுமா? நேரடியாகத் தெரியாது. புரோக்கரின் செயலியில் உள்ள மார்க்கெட் டெப்த் பகுதி ஐந்து விலைகளையும் ஒவ்வொன்றிலும் காத்திருக்கும் மொத்த எண்ணிக்கையையும் காட்டும், வரிசை காட்டாது. ஆனால் தோராயமாகக் கணக்கிடலாம். ஆர்டர் போடும்போது அந்த விலையில் 12,400 பங்குகள் நின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே விலையில் 5,000 பங்குகள் கைமாறியிருந்தால், திரையில் தெரிந்தவற்றில் இன்னும் முன்னால் இருப்பது அதிகபட்சம் 7,400. திரையில் இப்போது 15,000 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். கூடுதலாக வந்தவர்கள் பின்னால் நிற்பவர்கள். யாராவது ஆர்டரை ரத்து செய்தால் மட்டும் குழப்பம். அவர் முன்னால் நின்றவரா பின்னால் நின்றவரா என்பதை மொத்த எண்ணிக்கையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

முன்னால் நிற்பதால் சீக்கிரம் கிடைக்கும் என்பது பாதி விஷயம்தான். எந்தச் சமயத்தில் கிடைக்கிறது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. 600 ரூபாயில் 10,000 பங்குகளுக்கு வாங்கும் ஆர்டர்கள் நிற்கின்றன; அவற்றுக்குப் பின்னால் 100 பங்கு கேட்டு ஒருவர் கடைசியாகச் சேர்கிறார். சின்னச் சின்ன விற்பனைகளாக 4,000 பங்குகள் வந்து, பிறகு விலை 601க்கு ஏறினால், வரிசையின் தலையில் இருந்தவர்கள் வாங்கிய உடனேயே லாபத்தில் இருப்பார்கள். கடைசி ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. மாறாக, ஒரு பெரிய நிறுவனம் 25,000 பங்குகளை ஒரே மூச்சில் கொட்டினால் 600 ரூபாய் வரிசை முழுவதும் காலியாகி, விலை 599.80க்கு இறங்கும். அப்போது கடைசி ஆளுக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும், கிடைத்த கணமே நஷ்டத்தோடு. முன்னால் நின்றவருக்கு இரண்டு சமயத்திலும் பங்கு வருகிறது. பின்னால் நின்றவருக்கோ விலை அவரைத் தாண்டி இறங்கும் சமயத்தில்தான் வருகிறது.

பத்து ஆண்டுக்கு வாங்கி வைப்பவருக்கு 100 பங்கில் இருபது ரூபாய் வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. அவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் ஐந்து பைசா கூடுதலாக விற்றே பிழைக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கு அந்த ஐந்து பைசாதான் முழு வருமானம். அதனால்தான் தங்கள் கணினிகளை எக்ஸ்சேஞ்சின் தரவு மையத்துக்குள்ளேயே வாடகைக்கு வைக்கிறார்கள். விலை இன்னும் வந்து சேராத தூரத்து விலைகளிலும் முன்கூட்டியே ஆர்டர் போட்டுவைப்பார்கள். விலை அங்கே வரும்போது வரிசையின் தலையில் அவர்கள் இருப்பார்கள். காற்று எதிர்த்திசையில் வீசுவது தெரிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ரத்து செய்துவிடுவார்கள்.

வரிசையில் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை டிக் என்னும் விலைப்படி முடிவு செய்கிறது. ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி அது. தேசியப் பங்குச் சந்தையில் நீண்ட காலம் ஐந்து பைசாவாக இருந்தது. ஆயிரம் ரூபாய்ப் பங்கில் ஐந்து பைசா ஒன்றுமே இல்லை. வரிசை பிடிக்காவிட்டால் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துத் தாண்டிவிடலாம். 2024 ஏப்ரலில் 11 ரூபாய்க்குப் புதிய பங்குகளை விற்ற வோடஃபோன் ஐடியா போன்ற பங்கில் அதே ஐந்து பைசா ஏறக்குறைய அரை சதவீதம். அவ்வளவு கொடுத்து முந்த யாருக்கும் மனம் வராது. எல்லோரும் ஒரே விலையில் குவிவார்கள்; வரிசை மிக நீளும்; முன்னால் இருக்கும் இடம் பொன்னாகும். 2024 ஜூனில் 250 ரூபாய்க்குக் குறைவான பங்குகளுக்கு டிக் ஒரு பைசாவாகக் குறைக்கப்பட்டது. முந்துவது மலிவாகிவிட்டதால் ஒரு விலையில் குவிந்த கூட்டம் பல விலைகளில் பிரிந்து நிற்கத் தொடங்கும். பொறுமையாக முன்னால் நிற்பவருக்கு இது அவ்வளவு நல்ல செய்தியல்ல. யாரோ ஒரு பைசாவில் அவரைத் தாண்டிப் போகலாம்.

நேரத்துக்கு முன்னுரிமை தராத சந்தைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் சிகாகோவில் சிஎம்இ நிறுவனம் நடத்தும் குறுகிய கால வட்டி விகித ஒப்பந்தங்கள் சிலவற்றில், ஒரே விலையில் நிற்பவர்களுக்கு அவரவர் ஆர்டரின் அளவுக்கு ஏற்ப விகிதாசார முறையில் பங்கு பிரிக்கப்படுகிறது. 9,000 கேட்டவரும் 1,000 கேட்டவரும் நிற்க, விற்பனைக்கு 1,000 வந்தால் 900, 100 என்று பிரியும். யார் முதலில் வந்தார் என்பது கணக்கில் இல்லை. வேகப் போட்டி அங்கே தணிந்தது உண்மை. ஆனால் 100 வேண்டியவர் 1,000 கேட்கத் தொடங்கினார், 1,000 வேண்டியவர் 10,000. என்றாவது ஒரு பெரிய விற்பனையாளர் வந்து கேட்டதையெல்லாம் தலையில் கட்டிவிட்டுப் போகும் அபாயம்தான் அந்த ஊதிப்பெருக்கலுக்கு அங்கே கடிவாளம்.