மாசி மகமும் கிள்ளை தைக்காலும்: காணொளிக் கட்டுரைக்கு உரை எழுதுவது எப்படி?

பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் மாசி மகம் பெரிய விழா. அருகிலுள்ள ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்காக கிள்ளைக் கடற்கரைக்குச் செல்வதும் இதே நாட்களில்தான். வழியில் கிள்ளை தைக்காலில் சையத் ஷா ரஹமத்துல்லா தர்கா சார்பில் முஸ்லிம்கள் வரவேற்பு அளிக்கிறார்கள். இந்த வழக்கத்தின் வரலாற்றைக் காணொளியாக்க விரும்பும் இளைஞர்கள், கேமராவை எடுக்கும் முன் உரையை எழுத வேண்டும்.

தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் குரலையும் எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது ஆவணமா, நினைவா, செவிவழிச் செய்தியா என்று குறித்துவிடுங்கள். உப்பு வெங்கட்ராவ் என்ற அதிகாரி தர்காவுக்கு நிலம் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். "கொடுத்தார்" என்று குரலில் எழுதினால் அதற்கு ஆவணம் வேண்டும். அது கிடைக்கும் வரை "கொடுத்ததாகச் சொல்கிறார்கள்" என்பதே சரி. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகளில், எந்த ஊரில் யார், எதற்காக மானியம் கொடுத்தார் என்பது எழுதப்பட்டிருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது "கடலூர் மாவட்டம்" என்று கேட்காதீர்கள். 1993 வரை இப்பகுதி தென்னாற்காடு மாவட்டம்.

பெரியவர்களின் பேட்டியில் ஆண்டு பெரும்பாலும் தவறிவிடும். "எந்த வருஷம்?" என்று கேட்பதைவிட, "அப்போது நோன்பா?" என்று கேளுங்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஹிஜ்ரி மாதத்தின் நடுப்பகுதியில் விழும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமலானும் மாசி மகமும் ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சில வருடங்கள் சேர்ந்து வரும். 1960களின் தொடக்கத்திலும் 1990களின் முற்பகுதியிலும் அப்படி வந்தது.

ஒருவர் தேதியில்லாத படம் ஒன்றைக் காட்டி, "நான் பள்ளிக்கூடப் பையன், நோன்போடு தட்டு ஏந்தி நின்றேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவருக்கு வயது எழுபதுக்கு மேல் என்றால், படம் 1960களின் தொடக்கம். ஐம்பதுக்குள் என்றால் 1990கள். படத்தில் தெரியும் மின்கம்பம், வண்டி, உடை இதோடு பொருந்தாவிட்டால், அவர் வேறொரு வருட நினைவைக் கலந்துவிட்டார் என்று பொருள். அப்போது படத்தையும் பேச்சையும் ஒரே காட்சியில் சேர்க்கக் கூடாது.

இப்படிச் சரிபார்த்த பின் உரை இவ்வாறு அமையும்:

காட்சி: தட்டு ஏந்திய சிறுவன், பழைய படம்.
குரல்: "1960களின் தொடக்கமாக இருக்கலாம். அது ரமலான் மாதம் என்கிறார் இவர்."

அடுத்து அந்தப் பெரியவரின் முகம், அவருடைய சொந்தக் குரல். அவர் சொல்லப்போவதை முன்பே குரலில் சொல்லிவிடாதீர்கள். பழைய படம் கிடைக்காத இடத்தில் இன்றைய படத்தைப் போட்டால், திரையில் ஆண்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

முடித்த உரையை வெளியிடும் முன், தர்கா தரப்பிலும் கோயில் தரப்பிலும் ஒவ்வொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இரு தரப்பும் வெவ்வேறு காரணம் சொன்னால் இரண்டையும் வைத்துவிடுங்கள்.