மைக் கை மாறும் அரை மணி

பல மொழிக்காரர்கள் கூடும் மாநாட்டு மண்டபத்தில், பின்சுவரை ஒட்டிக் கண்ணாடி வைத்த சிறிய அறைகள் சில இருக்கும். ஒவ்வோர் அறையிலும் இரண்டு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். மேடையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருவரில் ஒருவர் அதை வேறு மொழியில் மைக்கில் சொல்லிக்கொண்டே போவார். இதுதான் உடனிகழ் உரைபெயர்ப்பு. செலவுக் கணக்கைப் பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒருத்தர்தானே பேசுறார், இன்னொருத்தர் சும்மாதானே உட்கார்ந்திருக்கார்? எதுக்கு ரெண்டு பேருக்குச் சம்பளம்?”

பேசுகிறவரின் வேலையை முதலில் பார்ப்போம். அவர் காதில் ஒரு வாக்கியம் விழுகிறது. அதன் பொருளைப் பிடித்து மறுமொழியில் வாக்கியம் கட்டி வாயால் சொல்லும்போது, பேச்சாளர் அடுத்த வாக்கியத்தில் பாதி தூரம் போயிருப்பார். அதையும் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் தன் குரல் சொல்வது சரியா என்றும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், தமிழில் கடைசியில்தான் வரும். ஆகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர், பேச்சாளர் ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்றே தெரியாமல் நீண்ட வாக்கியம் ஒன்றைச் சுமந்துகொண்டு காத்திருப்பார். இடையில் மூச்சு விடுகிற இடத்தைக்கூட அவர் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்தக் கவனம் எவ்வளவு நேரம் தாங்கும்? ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பார்பரா மோசர்-மெர்சரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். அனுபவமுள்ள சிலரை வழக்கமான அரை மணிக்கு மேலும் தொடர்ந்து உரைபெயர்க்கச் சொன்னார்கள். சிறிய அளவிலான முன்னோட்ட ஆய்வுதான். ஆனாலும் நேரம் நீள நீளப் பொருள் பிழைகள் கூடின. அதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம், தங்கள் தரம் இறங்கியதை அவர்களே சரியாக உணரவில்லை என்பது. “எனக்கு இன்னும் களைப்பு இல்லை, தொடர்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் அதை நம்பி மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கடிகாரத்தை வைத்துத்தான் மாற வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் காதை வைத்து.

முறை வைத்து ஆள் மாற்றும் பழக்கம் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையிலேயே உண்டு. 1945 நவம்பரில் தொடங்கிய அந்த விசாரணை ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் ஒரே நேரத்தில் நடந்தது. 12 பேர் கொண்ட மூன்று குழுக்கள் இருந்தன. ஒரு குழு நீதிமன்றத்தில் 85 நிமிடம் வேலை செய்யும். இரண்டாவது குழு பக்கத்து அறையில் ஹெட்போனில் விசாரணையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே வரும்போது வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமே. மூன்றாவது குழுவுக்கு அன்று விடுப்பு. பேச்சாளர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். 85 நிமிடம் இன்றைய அளவுக்கு நீளம்தான். ஆனால் அங்கே ஒரு மொழி மேசைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு மூலமொழி. ரஷ்யன் தெரிந்தவர், ரஷ்யன் பேசப்படும்போது மட்டுமே வாய் திறந்தார். ஆகவே நிமிடக் கணக்கை மட்டும் பார்த்துச் சுமையை அளந்துவிட முடியாது; அந்த நிமிடங்களில் எத்தனை நிமிடம் ஒருவர் உண்மையில் பேசுகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

ஐ.நா. சபையில் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். அங்கே ஆறு அலுவல் மொழிகள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன் அறைகளில் இருவர் இருவர். அரபு, சீன அறைகளில் மூவர் மூவர். ஆக ஒரு கூட்டத்துக்கு 14 பேர். பிரதிநிதி ஆங்கிலத்தில் பேசும்போது ஆங்கில அறைக்கு வேலை இல்லை. அரபு, சீன அறைகளுக்கு அந்த வசதி கிடையாது: மற்றவர் பேசினால் தங்கள் மொழிக்குள் கொண்டுவர வேண்டும், தங்கள் மொழிக்காரர் பேசினால் அதை ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ கொண்டுபோக வேண்டும். இரு திசையிலும் ஓயாமல் ஓடுவதால்தான் மூன்றாவது ஆள்.

நம் பக்கத்துக் கூட்டங்களில் பெரும்பாலானவை இந்த அரபு அறை மாதிரிதான். கொழும்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இரண்டு நாள் மாநாடு ஒன்று நடப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு நேர அட்டவணை போட்டுப் பார்ப்போம். இரண்டு அறைகள்: ஒன்று சிங்களம்–ஆங்கிலம், மற்றது தமிழ்–ஆங்கிலம். சிங்களத்தில் பேசினால் முதல் அறை ஆங்கிலமாக்கும். தமிழ் அறை அந்த ஆங்கிலத்தைக் கேட்டுத் தமிழாக்கும். இதற்கு ரிலே என்று பெயர். தமிழில் பேசினால் எதிர்த்திசையில் இதே கதை. ஆங்கிலத்தில் பேசினால் இரண்டு அறைக்கும் வேலை. யார் எந்த மொழியில் பேசினாலும் எந்த அறைக்கும் ஓய்வு கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

காலை 9 மணி முதல் 10.45 வரை முதல் அமர்வு, தேநீர், 11.15 முதல் 12.45 வரை இரண்டாவது அமர்வு, மதிய உணவு. பிறகு 2 முதல் 3.30 வரை, 3.45 முதல் 5 வரை. கூட்டினால் ஆறு மணி நேரப் பேச்சு. அறைக்கு இருவர் என்றால் ஆளுக்கு மூன்று மணி நேரம் மைக். அறைக்கு இருவர் வைத்துச் செய்யக்கூடிய நாள் இது. ஆனால் 9, 9.30, 10 என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டால் அட்டவணை ஆகிவிடாது. 9.10-க்குத் தொடங்கி 40 நிமிடம் நடக்கும் சிறப்புரை இருந்தால், 9.30-க்கு வெட்டினால் வாதத்தின் நடுவில் குரல் மாறும். அந்த உரை முன்கூட்டி எழுதி வேகமாக வாசிக்கப்படுவதா என்று முதலில் கேட்பது நல்லது. வாசிக்கும் உரை பேசும் உரையைவிட நெருக்கமானது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரிடம் விடக் கூடாது. ஆகவே தொடக்க வரவேற்பை முதல்வர் பார்க்கட்டும்; உரையின் முதல் பாதியை இரண்டாமவர், பின்பாதியை மீண்டும் முதல்வர். மாறும் இடம் புதிய ஸ்லைடு வரும் இடமாக இருந்தால் கேட்பவருக்கு உறுத்தாது. சட்டம் பற்றிய கட்டுரையை முன்பே படித்துத் தயார் செய்தவர் யாரோ அவருக்கே அந்த அரை மணி போக வேண்டும். அரை மணி என்பது மேல் எல்லை. அவ்வளவு நேரத்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ரிலே இருப்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரண்டு அறைகளிலும் ஒரே நொடியில் ஆள் மாறினால், சிங்கள அறையில் புதிய குரல் சுதாரித்துக்கொள்ளும் அதே தருணத்தில் தமிழ் அறையிலும் புதியவர் தடுமாறுவார். தமிழில் கேட்பவருக்கு ஒரு வாக்கியம் காணாமல் போகும். ஆகவே சிங்கள அறை மணிக்கும் அரைக்கும் மாறினால், தமிழ் அறை காலுக்கும் முக்காலுக்கும் மாறட்டும்.

மாறும் அந்த நேரத்தை அறைக்குள் போய்ப் பார்த்தால், ‘சும்மா இருப்பவர்’ என்ன செய்கிறார் என்று புரியும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குறிப்பேடு. பேச்சாளர் வரிசையாக எண்களை அடுக்கும்போது பேசுகிறவரால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது; பக்கத்தில் இருப்பவர் பெரிய எழுத்தில் எழுதி நீட்டுகிறார். 2.7 மில்லியன் என்று காதில் விழுந்தால், லட்சக் கணக்கில் கேட்டுப் பழகியவர்கள் மண்டபத்தில் இருக்கும் பட்சத்தில் “27 லட்சம்” என்றே எழுதிக் காட்டுவார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பெயர் வந்தால் தேடித் தருவார், பேச்சாளர் கைகாட்டும் அட்டவணையை ஆவணத்தில் பக்கம் புரட்டி எடுத்து வைப்பார். தன் முறை வருவதற்குச் சில நிமிடம் முன்பே ஹெட்போனில் முழுக் கவனமாகிவிடுவார். இல்லாவிட்டால் “அந்த இரண்டாவது யோசனை” என்று பேச்சாளர் சொல்லும்போது எது என்று தெரியாது. பிறகு ஒரு விரல் உயர்கிறது. பேசுகிறவர் வாக்கியத்தை முடித்து மைக்கை அணைக்கிறார், மற்றவர் தன் மைக்கைப் போடுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது, இரண்டும் மூடியும் இருக்கக் கூடாது.

எனவே மைக் இல்லாத அரை மணியும் வேலை நேரம்தான். வாய்க்கு மட்டும்தான் அப்போது ஓய்வு. அவருக்கு ஐந்து நிமிடம் வெளியே போய்வர வழி இருக்க வேண்டும். ஆனால் உண்மையான ஓய்வு தேநீர் இடைவேளையிலும் மதியத்திலும்தான் இருக்கிறது, அதைத்தான் பலர் கூசாமல் தின்றுவிடுகிறார்கள். காலை அமர்வு இருபது நிமிடம் இழுத்தால் உணவு நேரம் சுருங்குகிறது. சுருங்கிய உணவு நேரத்திலும், “விருந்தினர் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பேச உதவுங்களேன்” என்று ஒருவர் வருவார். மாலையில் இரவு விருந்து, அங்கே நான்கு வாழ்த்துரை. தாளில் ஆறு மணி நேரமாக இருந்தது இப்படித்தான் பத்து மணி நேரமாகிறது. மறுநாள் காலை அதன் விளைவு தெரியும்: வாக்கியங்கள் பாதியில் நிற்கும், எண்கள் “பல ஆயிரம்” என்று மழுங்கும், குரல் ஒரே சுருதியில் ஓடும். கேட்பவர்கள் ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைப்பார்கள். ஏற்பாட்டாளர் மண்டபத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

உலகளாவிய மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கமான ஏஐஐசி, 1953 முதல் இந்தத் தொழிலின் வேலை நிலைமைகளை வகுத்து வருகிறது. அதன் கணக்கில் வழக்கமான வேலை நாள் என்பது இரண்டு அமர்வு. ஒவ்வொன்றும் அதிகபட்சம் மூன்று மணி நேரம். ஐ.நா.வில் காலை 10 முதல் 1, மாலை 3 முதல் 6. நடுவில் இரண்டு மணி நேரம் முழு இடைவெளி. அதற்கு மேல் நேரம் வேண்டுமென்றால் அறைக்கு மூன்றாவது ஆள் வேண்டும், அல்லது மாலைக்கு வேறு ஜோடி வேண்டும். கொழும்பு மாநாட்டின் விருந்து வாழ்த்துரைகளுக்கு என் தீர்வு எளிது: பகலில் பணியாற்றாத ஒருவரை அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தனியாக அமர்த்த வேண்டும். பகல் குழு ஓட்டலுக்குப் போய்ப் படுக்கட்டும், மறுநாள் கட்டுரைகளைப் படிக்கட்டும்.

நேரம் மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 செப்டம்பர் 23 சாட்சி. அன்று ஐ.நா. பொதுச்சபையில் லிபியாவின் கடாஃபிக்கு ஒதுக்கப்பட்டது 15 நிமிடம். அவர் பேசியது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அவர் தன்னோடு கூட்டிவந்த உரைபெயர்ப்பாளர் ஏறக்குறைய 75 நிமிடத்துக்குப் பிறகு தாங்க முடியாமல் கைவிட்டார் என்றும், ஐ.நா.வின் அரபுப் பிரிவைச் சேர்ந்தவர் மீதியை எடுத்துச் செய்தார் என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. பக்கத்தில் மைக்கை வாங்க ஆள் இருந்ததால்தான் அன்று பேச்சு அறுபடவில்லை.

உங்கள் அமைப்போ ஊரோ ஒரு பன்மொழி மாநாடு நடத்தப் போகிறதென்றால், விலைப்புள்ளி வந்ததும் ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். நாள் முழுக்க நடக்கும் கூட்டத்துக்கு ஓர் அறைக்கு ஒரே ஒருவர் என்று போட்டிருந்தால், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். இருவர் என்றிருந்தால், நிகழ்ச்சி நிரலையும் கட்டுரைகளையும் ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு அனுப்பி, யார் எந்த அரை மணி என்பதை அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.