90 நாள் நோட்டீஸ், 54 நாளில் ரிலீவ்: அக்கா எழுதிய இரண்டாவது மெயில்

பிளேஸ்மென்ட்ல ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நாம முதல்ல பார்க்கிறது சிடிசி. அடுத்தது லொகேஷன். அதுக்குக் கீழே எட்டாவது, ஒன்பதாவது பக்கத்துல ‘நோட்டீஸ் பீரியட்: 90 நாட்கள்’னு ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிக்கிறதில்லை. நானும் படிக்கலை. போன வருஷங்கள்ல என் சித்தி பொண்ணு அந்த ஒரு வரியோட பட்ட பாட்டைக் கேட்ட பிறகுதான் திரும்ப எடுத்துப் படிச்சேன்.

அக்கா சென்னையில ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில டெஸ்டிங் வேலை பார்த்தாங்க. இரண்டு வருஷம் முடிஞ்சதும் கோயம்புத்தூர்ல வேற வேலை கிடைச்சது. 2024 ஜூன் 3, திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்தாங்க. அன்னிக்கே முதல் நாள்னு எண்ணினா 90-வது நாள் ஆகஸ்ட் 31. ஆனா புது கம்பெனி ஜூலை 22-ல சேரச் சொல்லியிருந்தது. கெஞ்சிக் கேட்டதுல, ஜூலை 29 வரைக்கும் காத்திருப்போம், அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

ராஜினாமா மெயில்லயே கடைசியா அக்கா ஒரு வரி சேர்த்திருந்தாங்க: ‘சொந்தக் காரணங்களால் என்னை முடிந்தவரை சீக்கிரம் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அடுத்த நாளே பதில் வந்துச்சு: ‘பாலிசிப்படி 90 நாள்.’ அவ்வளவுதான்.

இந்த வரியில என்ன தப்புன்னு யோசிச்சுப் பாருங்க. மரியாதையா இருக்கு, பணிவா இருக்கு. ஆனா படிக்கிறவர் முடிவெடுக்கத் தேவையான ஒரு விஷயம்கூட அதுல இல்லை. எந்தத் தேதி வேணும்? அந்தத் தேதி ஏன்? அதுக்குள்ள வேலையை யார்கிட்ட, எப்படி விட்டுட்டுப் போவீங்க? மூணுக்கும் பதில் இல்லைன்னா, ‘முடியாது’ன்னு சொல்றதுதான் மேனேஜருக்குச் சுலபம்.

மேனேஜர் பக்கம் இருந்தும் பார்க்கணும். சர்வீஸ் கம்பெனிகள்ல பெரும்பாலும் ஒரு ஆள் ப்ராஜெக்ட்ல வேலை செய்யிற நேரத்துக்கு கிளையன்ட் பணம் கொடுக்கிறான். அந்த ஆள் போய், அவர் இடத்துக்கு இன்னொருத்தர் தயாராகலைன்னா பில்லிங் விழும். ரிலீஸ் தப்பிச்சுன்னா திட்டு மேனேஜருக்குத்தான். அதனால நீங்க ஏன் போறீங்கங்கிறதை விட, நீங்க போன மறுநாள் எது நிக்கும்ங்கிறதுதான் அவரோட கவலை. காரணம், நீங்க ஏன் கேட்கிறீங்கன்னு சொல்லும். அதைக் கொடுக்க முடியும்னு அவருக்குக் காட்டுறது ஹேண்ட்ஓவர் திட்டம்தான்.

அக்கா இதைப் புரிஞ்சுக்கிட்டது ஒரு சீனியர் சொல்லித்தான். அவங்க கொடுத்த ஐடியா ரொம்ப சிம்பிள்: “இன்னொரு மெயில் போடறதுக்கு முன்னாடி நேர்ல போய், நான் போனா எது எது நிக்கும்னு அவர்கிட்டயே கேளு.” அக்கா கேட்டாங்க. மேனேஜர் மூணு விஷயம் சொன்னார். ஒண்ணு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை நடக்கிற ரிலீஸை டெஸ்டிங் பக்கம் இருந்து பார்த்துக்கிறது. இரண்டு, ராத்திரி தானா ஓடுற ரெக்ரஷன் டெஸ்ட் காலையில ஃபெயில் ஆகியிருந்தா, அது நிஜமான பக்-ஆ இல்ல டெஸ்ட்லயே கோளாறான்னு பிரிக்கிறது. மூணு, டெஸ்ட் டேட்டாவுக்கான அக்கவுண்ட் விவரம்; அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

‘ஃபுல் கேடி கொடுத்துடறேன்’னு பொதுவா எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. இந்த மூணு வேலையும் பேரோட, தேதியோட வந்தா, அதை நம்பலாம். டீம்ல ஒரு ஜூனியர் இருந்தார். அவர் பேரை எழுதறதுக்கு முன்னாடி அவர்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் அக்கா கேட்டுக்கிட்டாங்க. இது முக்கியம். கேட்காம ஒருத்தர் தலையில கட்டினா, அவரே உங்களுக்கு எதிரா நிப்பார்.

ஜூன் 6-ம் தேதி இரண்டாவது மெயில் போச்சு. இங்கிலீஷ்ல எழுதினதுதான்; விஷயத்தை மட்டும் தமிழ்ல தரேன்.

*‘ஜூன் 3 அன்று கொடுத்த ராஜினாமா தொடர்பாக இதை எழுதுகிறேன். 90 நாள் கணக்கில் என் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 31. அதை ஜூலை 19 ஆக மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் கிடைத்திருக்கும் வேலையில் ஜூலை 22 அன்று சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஜூலை 29-ஐத் தாண்டி அவர்களால் காத்திருக்க முடியாது.*

*நாம் பேசிய மூன்று வேலைகளையும் இப்படி ஒப்படைக்கிறேன். ஜூன் 14 ரிலீஸை நான் செய்வேன், ஜூனியர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். ஜூன் 28 ரிலீஸை அவர் செய்வார், நான் பக்கத்தில் இருப்பேன். ஜூலை 12 ரிலீஸை அவரே தனியாகச் செய்வார். ரெக்ரஷன் ஃபெயிலியர்களை ஜூன் 17 முதல் தினமும் காலையில் இருவரும் சேர்ந்து பார்ப்போம். டெஸ்ட் அக்கவுண்ட் விவரங்களை ஜூன் 12-க்குள் டீம் ஃபோல்டரில் எழுதி வைப்பேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் உங்கள் ஒப்புதலைக் கேட்பேன்.*

*குறையும் நாட்களுக்கு என் விடுப்பைக் கழித்துக்கொண்டு, மீதிக்கு அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் உள்ளபடி பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதம்.’*

இதுல காரணம் இரண்டே வரி. அக்காவோட ஃப்ரெண்ட்ஸ் சிலர், “கல்யாணம்னு போடு, வீட்ல உடம்பு சரியில்லைன்னு போடு, உடனே விடுவாங்க”ன்னு சொன்னாங்களாம். அக்கா போடலை. புது கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு பழைய கம்பெனிக்கு மெயில் போடும். அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்ன பொண்ணு அடுத்த திங்கட்கிழமையே வேற ஆபீஸ்ல சேர்ந்தது அப்போ தெரிஞ்சிடும். நிஜமாவே மருத்துவக் காரணமோ, மேல்படிப்புக்கான அட்மிஷனோ இருந்தா தாராளமா எழுதுங்க, கூடவே தேதி போட்ட ஆதாரத்தையும் இணைங்க. காரணம் பெருசா இருக்கணும்னு இல்லை; சரிபார்த்தா நிக்கணும், அவ்வளவுதான்.

இப்போ காசு கணக்கு. ஜூன் 3-ல இருந்து ஜூலை 19 வரைக்கும் 47 நாள். 90-க்கு 43 நாள் குறையுது. அக்காகிட்ட 13 நாள் விடுப்பு மிச்சம் இருந்துச்சு. அவங்க கம்பெனி அதைக் கழிச்சுக்கும். மீதி 30 நாள். அவங்க லெட்டர்ல ‘குறையும் நாட்களுக்கு பேசிக் சம்பளம்’னு இருந்தது. பேசிக் மாசம் 18,000, நாளுக்கு 600. ஆக 18,000 ரூபாய். இதே லெட்டர்ல ‘மொத்தச் சம்பளம்’னு இருந்திருந்தா, மாசம் 40,000 கணக்குல 40,000 ரூபாய் போயிருக்கும். ஒரே ஒரு வார்த்தைக்கு 22,000 வித்தியாசம். விடுப்பைக் கழிக்க சில கம்பெனிகள் விடவே விடாது. அதனால ‘பிடிச்சுக்கோங்க’ன்னு எழுதறதுக்கு முன்னாடி உங்க லெட்டர்ல இந்த இரண்டையும் பாருங்க.

இன்னொரு வரியும் அங்கேயே இருக்கும்: ‘நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு.’ அப்படின்னா காசு கட்டினா போயிடலாம்ங்கிறது உங்க உரிமை இல்லை. அவங்க சம்மதிச்சாத்தான் உண்டு. இதனாலதான் காசை கடைசியில வெச்சு, ஹேண்ட்ஓவரை முன்னாடி வெச்சாங்க அக்கா.

பதில் இரண்டு நாள்ல வந்துச்சு, ஆனா கேட்ட தேதி கிடைக்கலை. “ஜூலை 12 ரிலீஸ்ல ஏதாவது சொதப்பினா? 26-ம் தேதி ரிலீஸ் வரைக்கும் இரு, அன்னிக்கே அனுப்பிடறேன்”ன்னார் மேனேஜர். அக்கா உடனே ஒத்துக்கிட்டாங்க. 29 வரைக்கும் நேரம் இருக்குன்னு புது கம்பெனிகிட்ட முன்னாடியே பேசி வெச்சிருந்ததால முடிஞ்சது. 54 நாள் வேலை, 36 நாள் குறை, 13 விடுப்பு போக 23 நாள். பிடித்தம் 13,800 ரூபாய்.

ஜூலை 12 ரிலீஸ் அன்னிக்கு ஜூனியர் அக்காவுக்கு இரண்டு தடவை கால் பண்ணினார். ஒண்ணு, ஒரு டெஸ்ட் அக்கவுண்ட் காலாவதியாகி லாகின் ஆகலை. அதைப் புதுப்பிக்கிற வழியை அக்கா டாக்குமென்ட்ல எழுத மறந்திருந்தாங்க. இன்னொண்ணு, கிளையன்ட் பக்கம் யார்கிட்ட ஒப்புதல் வாங்கணும்னு தெரியலை. இரண்டையும் அன்னிக்கு சாயங்காலமே எழுதிச் சேர்த்தாங்க. 26-ம் தேதி ஒரு காலும் வரலை. ஹேண்ட்ஓவர் முடிஞ்சதான்னு தெரிஞ்சுக்க இதுதான் வழி. டாக்குமென்ட் நாற்பது பக்கம் இருக்கலாம். நீங்க சும்மா இருக்கும்போது வேலை நடக்குதாங்கிறதுதான் கணக்கு.

கடைசியா, நிறைய பேர் மாட்டுற இடம். மேனேஜர் “சரி, பார்த்துக்கலாம்”னு சொன்னா அது ரிலீஸ் இல்லை. அக்காவுக்கும் முதல்ல வாய்வார்த்தையாத்தான் சொன்னார். அவங்க அன்னிக்கே, ‘நாம் பேசியபடி கடைசி வேலை நாள் ஜூலை 26, உறுதி செய்யவும்’னு ஹெச்ஆரையும் சேர்த்து மெயில் போட்டாங்க. ஹெச்ஆர் போர்ட்டல்ல ஆகஸ்ட் 31 மாறி ஜூலை 26 ஆனதைப் பார்த்த பிறகுதான் புது கம்பெனிக்கு சேரும் தேதியை உறுதி செஞ்சாங்க. போர்ட்டல்ல பழைய தேதியே இருந்து, நீங்க 26-ம் தேதியோட நின்னுட்டீங்கன்னா, சொல்லாம ஓடினவர்னு பதிவாகலாம். ரிலீவிங் லெட்டர் நிக்கும், செட்டில்மென்ட் நிக்கும், பிஎஃப்-ல இரண்டு கம்பெனி தேதியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும்.

முழுசா மறுத்துட்டா? கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க இந்தியாவுல கோர்ட் உத்தரவு போடாது. ஆனா ஒப்பந்தத்தை மீறினதுக்கு நஷ்டஈடு கேட்க கம்பெனிக்கு வழி உண்டு, ரிலீவிங் லெட்டரும் அவங்க கையிலதான். அதனால முதல்ல ‘முழுசா 43 நாள் வேண்டாம், இரண்டு வாரமாவது குறைங்க’ன்னு தேதியை நகர்த்திக் கேளுங்க, அப்புறம் அதே மெயிலோட ஹெச்ஆர்கிட்ட போங்க, அந்தப் பக்கம் புது கம்பெனிகிட்டயும் தேதி தள்ளிக் கேளுங்க. புது கம்பெனி பிடித்தக் காசைத் திருப்பித் தரேன்னு சொன்னா, ஒரு வருஷம் இருக்கணும்ங்கிற மாதிரி நிபந்தனை இருக்கான்னு பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.

அக்கா ஜூலை 29 காலையில கோயம்புத்தூர்ல சேர்ந்தாங்க. நமக்கு இப்போதைக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கு. ஆஃபர் லெட்டரைத் திறந்து மூணு விஷயம் தேடுங்க: எத்தனை நாள், பேசிக்கா மொத்தச் சம்பளமா, யார் விருப்பத்துக்கு உட்பட்டது. என் லெட்டர்ல 90 நாள், மொத்தச் சம்பளம், நிர்வாகத்தின் விருப்பம். உங்க லெட்டர்ல?