விளிம்புக் கட்டத்துக்கு அண்டை யார்?

ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கிய 'கேம் ஆஃப் லைஃப்', மார்ட்டின் கார்ட்னர் 1970 அக்டோபரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பத்தி வழியே பரவலாக அறிமுகமானது. நிரல் எழுதப் பழகுவோர் பலர் இதைத் தொடக்கப் பயிற்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். கட்டம் போட்ட பலகையில் ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளது அல்லது உயிரற்றது. அதைச் சுற்றி எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டைகள் இரண்டோ மூன்றோ இருந்தால் அது பிழைக்கும், இல்லையென்றால் மடியும். உயிரற்ற கட்டத்துக்குச் சரியாக மூன்று இருந்தால் அது உயிர் பெறும்.

எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். எனவே பழைய பலகையைப் பார்த்து எண்ணி, விடையைப் புதிய பலகையில் எழுத வேண்டும். அதே பலகையில் திருத்திக்கொண்டே போனால், இப்போதுதான் பிறந்த கட்டத்தையும் பக்கத்துக் கட்டம் அண்டையாக எண்ணிவிடும்.

உண்மையான சிக்கல் விளிம்பில்தான். விதி சொல்லும் பலகைக்கு எல்லையே இல்லை. கணினியில் உள்ளதற்கு உண்டு. விளிம்புக்கு அப்பால் எல்லாம் உயிரற்றது எனக் கொள்வது ஒரு வழி. மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடும், இடதை வலதோடும் இணைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு வகுத்தல் மீதி போதும்:

```python
def count(grid, r, c):
    R, C = len(grid), len(grid[0])
    n = 0
    for dr in (-1, 0, 1):
        for dc in (-1, 0, 1):
            if (dr, dc) != (0, 0):
                n += grid[(r + dr) % R][(c + dc) % C]
    return n
```

நடுவில் உள்ள `if` இல்லையென்றால் கட்டம் தன்னையே அண்டையாக எண்ணிக்கொள்ளும்.

மீதி எடுக்காமல் விட்டால், பைத்தானில் பிழை பாதிதான் வெளியே தெரியும். வரிசை எண் -1 என்றால் பைத்தான் அதைக் கடைசி வரிசையாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கடந்துவிடும். கீழே எல்லை தாண்டினால் மட்டுமே `IndexError` வரும். அதை `try`, `except` போட்டு அடக்கிவிட்டால் பலகை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்: மேல் வரிசைக்குக் கீழ் வரிசை அண்டை, கீழ் வரிசைக்கு மேல் வரிசை அண்டை அல்ல.

இதைக் கண்டுபிடிக்க 5×5 பலகை ஒன்றே போதும். மேல் வரிசையின் நடு மூன்று கட்டங்களுக்கு உயிர் கொடுத்து ஒரு தலைமுறை ஓட்டவும். பிறகு வெற்றுப் பலகையின் கீழ் வரிசையில் அதையே செய்யவும். விளிம்புக்கு அப்பால் உயிரற்றது என்ற முறையில் இரு முறையும் இரண்டு கட்டங்கள் மிஞ்சும், அடுத்த தலைமுறையில் அவையும் மடியும். இணைத்த விளிம்பில் இரு முறையும் மூன்று கட்டங்கள் செங்குத்தாக நிற்கும். அவற்றில் ஒன்று எதிர் விளிம்பில் தோன்றியிருக்கும். மேலே இரண்டு, கீழே மூன்று என்று வந்தால், -1 செய்த வேலை அது.

இணைத்த விளிம்புக்கும் ஓர் அளவு வேண்டும். 3×3 பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மற்ற எட்டும் அண்டைகள். அதனால் அதே மூன்று கட்டங்கள் முதலில் ஒன்பதாகப் பெருகி, அடுத்த தலைமுறையில் அடியோடு மடிந்துவிடும்.